முந்தானைக்குப் பின்னால் ஒரு கண்

சிறு குழந்தைகளுக்கு வெட்கம் வருவது எப்போது, எதனால் என்று அறிய அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் லூயிஸும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வு செய்து 1989-ல் வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு குழந்தையை வேண்டுமென்றே வெட்கப்பட வைக்க வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? அவர்கள் தேர்ந்தெடுத்த வழிகளில் இரண்டைக் கேட்டால் நம்மூர் வாசகர்களுக்குச் சிரிப்பு வரும். ஒன்று, குழந்தையை அளவுக்கு மீறிப் புகழ்வது. மற்றொன்று, ஆடிக்காட்டு என்று கேட்பது.

நம் வீடுகளில் விருந்தினர் உள்ளே நுழைந்த இரண்டாவது நிமிடம் நடப்பதும் இவைதான். "அடடே, ராஜாத்தி மாதிரி இருக்கியே!" "மாமாவுக்கு அந்த ரைம்ஸ் சொல்லிக் காட்டு." "டான்ஸ் ஆடுவியே, ஆடு பார்ப்போம்." ஆய்வாளர்கள் வெட்கத்தை வரவழைக்கக் கையாண்ட உத்தியை நாம் உபசாரம் என்று நினைத்துச் செய்துகொண்டிருக்கிறோம். குழந்தை அம்மாவின் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டால், "ஐயே, வெட்கத்தைப் பாரு" என்று சிரிப்பு வேறு.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரியவந்தது. குழந்தையின் மூக்கில் அதற்குத் தெரியாமல் சிவப்புச் சாயத்தைத் தடவிக் கண்ணாடி முன் நிறுத்தினார்கள். கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று புரிந்து தன் மூக்கைத் தொட்டுப்பார்த்த குழந்தைகளே பெரும்பாலும் வெட்கப்பட்டார்கள். அந்த அறிவு ஏறத்தாழ ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் வருகிறது. புது ஆளைக் கண்டு மிரள்வதற்கு அது தேவைப்படவில்லை. அந்த மிரட்சி அதற்கு வெகு முன்பே, எட்டு மாதம் வாக்கிலேயே தலைகாட்டிவிடும்.

ஆக, அம்மாவின் பின்னால் ஒளியும் மூன்று வயதுக் குழந்தையிடம் இருவேறு சங்கடங்கள் இருக்கலாம். ஒன்று, 'இவர் யார்?' என்ற அச்சம். மற்றொன்று, 'எல்லோரும் என்னையே பார்க்கிறார்களே' என்ற கூச்சம். நன்றாகத் தெரிந்த பெரியப்பா வந்தாலும் குழந்தை ஒளிவதற்கு இரண்டாவதுதான் காரணம். "போன வாரம்தானே பெரியப்பா மடியில உட்கார்ந்து விளையாடினே, இப்ப என்ன புதுசா?" என்று கேட்பதில் பயனில்லை. அது ஒளிவது பெரியப்பாவிடமிருந்து அல்ல, வாசற்படியில் ஒரே நேரத்தில் தன்மேல் திரும்பும் நான்கு ஜோடிக் கண்களிடமிருந்து.

எல்லாக் குழந்தைகளும் ஒரே அளவுக்கு ஒளிவதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கேகன் இதை ஆராய்வதிலேயே பல பத்தாண்டுகளைச் செலவிட்டார். நான்கு மாதக் கைக்குழந்தைகளுக்குப் புதுப் பொம்மைகளையும் புதுக் குரல்களையும் காட்டிப் பார்த்தார். அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, கைகால்களை உதறி, முதுகை வளைத்து, அழுதது. பின்னாளில் புது மனிதர்கள் முன்னால் தயங்கி ஒதுங்கியவர்களில் இந்தக் கூட்டத்துக் குழந்தைகள் அதிகம். இரண்டு வயதில் இப்படித் தயங்கியவர்கள் இருபதுகளின் தொடக்கத்தை எட்டியபோது, கார்ல் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார். அந்த முடிவுகள் 2003-ல் வெளியாயின. முன்பின் பார்த்திராத முகங்களைக் காட்டியபோது, அபாயத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி, மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகமாக விழித்துக்கொண்டது. இவர்களில் பலர் வேலைக்குப் போய், நண்பர்களோடு பழகி, சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதைப் படித்துவிட்டு "அப்போ பிறவிக் குணம், மாற்ற முடியாது" என்று கையை விரிப்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. புது முகத்தைக் கண்டதும் நெஞ்சு படபடப்பது குழந்தையின் கையில் இல்லை. ஆனால் அந்தப் படபடப்போடு அடுத்து என்ன செய்வது என்பது கற்றுக்கொள்ளும் விஷயம். படபடப்பு வந்ததற்காக வெட்கித் தலைகுனிவதோ முழுக்க முழுக்கப் பெரியவர்கள் கற்றுக்கொடுப்பது.

எப்படிக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதை ஒரு சராசரி வரவேற்பறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் பார்த்துவிடலாம். விருந்தினர் பெயர் கேட்கிறார். குழந்தை பேசவில்லை. அம்மா, "சொல்லு, பேர் சொல்லு" என்கிறார். மௌனம். "சொல்லுடா, வாயில என்ன கொழுக்கட்டையா?" அப்பா உள்ளேயிருந்து, "வீட்டுல எட்டூருக்குக் கேட்கிற மாதிரி கத்துவான், யாராவது வந்தா ஊமை" என்கிறார். விருந்தினர் தன் பங்குக்கு, "எங்க வீட்டுப் பொடிசு இருக்கே, பஸ்ல பக்கத்து சீட்டு ஆள்கிட்ட எல்லாம் பேசும்" என்கிறார். கடைசியில் அம்மா சமாளிக்கிறார்: "இவன் அப்படித்தான், சரியான கூச்ச சுபாவம், அம்மா கோண்டு." இத்தனையையும் குழந்தை முந்தானைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. பேச வராத நேரத்தில் காது மூடிக்கொள்வதில்லை. அடுத்த முறை அழைப்பு மணி அடிக்கும்போது, அதற்குப் பழைய படபடப்போடு இந்த விசாரணையின் நினைவும் சேர்ந்து வரும்.

இதில் பெற்றோரையே குற்றவாளியாக்குவதும் நியாயமில்லை. பிள்ளை வணக்கம் சொல்லாவிட்டால் 'வளர்ப்பு சரியில்லை' என்று ஊர் சொல்லும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயம் முகத்தில் தெரியும், குழந்தை அதைத்தான் முதலில் படிக்கிறது. இங்கிலாந்தில் லின் மரேயும் சக ஆய்வாளர்களும் 2006-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதைக் காட்டுகிறது. தாய்மார்களிடம், ஒரு புது ஆளோடு ஒருமுறை இயல்பாகவும் இன்னொரு முறை பதற்றமாகவும் பேசச் சொன்னார்கள். ஒரு வயதைத் தாண்டியிருந்த குழந்தைகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. அம்மா பதறிப் பேசிய பிறகு அந்த ஆள் குழந்தையிடம் வந்தபோது, அது அதிகம் மிரண்டு விலகியது. குழந்தையிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவின் குரலும் தோள்பட்டையுமே போதுமானதாக இருந்தன.

எனவே முதல் வேலை பெரியவர்களுடையது. விருந்தினர் வந்ததும் அம்மாவோ அப்பாவோ அவரோடு நிதானமாக, சிரித்துப் பேசத் தொடங்க வேண்டும். குழந்தை காலைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். அதன் தலையில் ஒரு கை இருந்தால் போதும், பேச்சு விருந்தினரோடு. குழந்தை அங்கே சும்மா நிற்கவில்லை. ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டு, இவர் ஆபத்தில்லாதவரா என்று அம்மாவின் முகத்திலிருந்தும் வந்தவரின் குரலிலிருந்தும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கு முடிய ஐந்து நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். நடுவில் இழுத்து முன்னால் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அப்படியானால் குழந்தையை அதன் போக்கில் விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. கூச்சமுள்ள பிள்ளையின் பெற்றோர் திட்டாதவர்களாக இருந்தால், பெரும்பாலும் எதிர்ப்பக்கம் சறுக்குகிறார்கள். பெயர் கேட்டால் அவர்களே சொல்கிறார்கள், எந்த வகுப்பு என்றால் அவர்களே சொல்கிறார்கள், விருந்தினர் வருகிறார் என்றால் குழந்தையை உள்ளறைக்கு அனுப்பிக் கையில் போனைக் கொடுத்துவிடுகிறார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் நிம்மதிதான். ஆனால் ஒளிந்தால் படபடப்பு அடங்குகிறது என்பதைத்தான் குழந்தை கற்கிறது. ஒளியாமல் நின்றாலும் சற்று நேரத்தில் அது தானே அடங்கும் என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை.

ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ரேப்பியும் அவர் குழுவும் மழலைப்பள்ளி வயதில் மிகவும் ஒதுங்கியிருந்த குழந்தைகளின் பெற்றோருக்காக ஆறு வகுப்புகள் கொண்ட பயிற்சி ஒன்றை அமைத்தார்கள். வகுப்புக்கு வர வேண்டியது பெற்றோர் மட்டும். பயிற்சியின் நடுநாயகம், குழந்தைக்குப் பயமானதைச் சின்னச் சின்னப் படிகளாக வெட்டி, கீழ்ப்படியிலிருந்து ஏறவைப்பதும், பெற்றோர் அவசரப்பட்டு மீட்க ஓடாமல் இருப்பதும். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களின் பிள்ளைகளில் பதற்றக் கோளாறு உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தார்கள். கூச்ச சுபாவம் என்னவோ பெரிதாக மாறவில்லை. 2005-ல் வெளியான இந்த முடிவு ஏமாற்றமாகத் தோன்றலாம். உண்மையில் இதுதான் பெற்றோர் எதிர்பார்க்க வேண்டிய அளவு. குழந்தை வாயாடியாகிவிடாது. கூச்சத்தை வைத்துக்கொண்டே, வந்தவரை வரவேற்கத் தெரிந்துகொள்ளும்.

வரவேற்பை எப்படிப் படிகளாக வெட்டுவது? ஒரு கற்பனைக் குழந்தையை வைத்துப் பார்க்கலாம். நான்கு வயது, பெயர் யாழினி. வீட்டில் ஓயாமல் பேசுவாள். ஆள் வந்தால் அம்மாவின் சுடிதார் துப்பட்டாதான் அடைக்கலம். அம்மாவின் சித்தி, அதாவது யாழினிக்குச் சின்னப் பாட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோகிறவர். பயிற்சிக்கு ஏற்ற விருந்தினர் இவரைப் போன்றவர்தான். ஒரே ஆள், அடிக்கடி வருகிறவர், சொன்னால் கேட்டுக்கொள்கிறவர். பொங்கலுக்குத் திரண்டு வரும் பதினைந்து பேரிடம் தொடங்கக் கூடாது.

சனிக்கிழமையே அம்மா சித்திக்குப் போன் செய்கிறார். "சித்தி, நாளைக்கு வந்ததும் யாழினியைக் கண்டுக்காதீங்க. பேர் கேட்க வேண்டாம், தூக்க வேண்டாம். நீங்க பாட்டுக்கு என்கிட்ட பேசிட்டு இருங்க. அவ பழக கொஞ்ச நேரம் எடுத்துக்குவா." இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். 'அவ ரொம்பக் கூச்சம்' என்பது ஆளின் மேல் குத்தும் முத்திரை. 'பழக நேரம் எடுத்துக்குவா' என்பது இப்போது நடப்பதைச் சொல்வது, பழகிவிடுவாள் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. வாசலில் குழந்தையின் காதில் விழும்படி சொன்னாலும் கெடுதல் இல்லை.

யாழினிக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், பயமுறுத்தாமல். "நாளைக்குச் சின்னப் பாட்டி வருவாங்க. சோபாவுல உட்காருவாங்க, காபி குடிப்பாங்க, அப்புறம் போயிடுவாங்க. நீ என் பக்கத்துலயே இருக்கலாம்." வருகிறவர் என்ன செய்வார், எப்போது போவார் என்று தெரிந்தாலே பாதி மிரட்சி குறையும். 'நாளைக்கு ஒழுங்கா வணக்கம் சொல்லணும், சரியா?' என்று சத்தியம் வாங்குவதைத் தவிர்க்கலாம். இரவெல்லாம் அதை நினைத்துக்கொண்டு படுக்கும்.

முதல் ஞாயிறு, படி ஒன்று: அறையில் இருப்பது. அவ்வளவுதான். அம்மாவின் மேல் ஒட்டிக்கொண்டு இருந்தாலும் உள்ளறைக்கு ஓடாமல் இருந்தால் அன்றைய பாடம் முடிந்தது. பாட்டி போன பிறகு, யாரும் இல்லாதபோது, "நீ பாட்டி இருக்கும்போது இங்கேயே இருந்தியே, பார்த்தேன்" என்று அம்மா சொல்கிறார். எதைச் செய்தாள் என்பதை அப்படியே சொல்லும் சிறிய பாராட்டு. எல்லோர் முன்னாலும் கைதட்டினால் பழைய தொல்லைதான், கண்கள் மறுபடி அவள்மேல் திரும்பிவிடும்.

அடுத்த ஞாயிறு, கையில் ஒரு வேலை. வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். பேச வராத குழந்தைக்கு இதைவிட நல்ல வரவேற்பு வேறு கிடையாது. வாயால் சொல்ல வேண்டியதைக் கை சொல்லிவிடுகிறது. வந்தவரின் கண்ணும் குழந்தையின் முகத்தில் நிற்காமல் டம்ளருக்குப் போய்விடுகிறது. சில்வர் டம்ளரில் பாதித் தண்ணீர் போதும், சிந்தினால் அது ஒரு புது அவமானம். முதலில் அம்மா தட்டைப் பிடிக்க, யாழினி டம்ளரைத் தட்டில் வைக்கிறாள். அதற்கடுத்த வாரம் தட்டின் மறுமுனையை அவள் பிடிக்கிறாள். பிறகு அம்மா ஓரடி பின்னால் நிற்க, அவளே டம்ளரை நீட்டுகிறாள். சின்னப் பாட்டி வாங்கிக்கொண்டு, "தாகமா இருந்துச்சு" என்று மட்டும் சொல்கிறார். "அட, பொண்ணு எவ்வளவு பெரியவளாயிட்டா!" என்று தொடங்கினால் யாழினி துப்பட்டாவுக்குத் திரும்பிவிடுவாள்.

ஒரு படியில் எத்தனை நாள் நிற்பது? அது அலுக்கும்வரை. கால்மாற்றி நிற்காமல், அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல், விளையாட்டாகக் கொடுத்துவிட்டு ஓடினால் அடுத்த படிக்கு நேரம் வந்துவிட்டது. உடம்பே சொல்லிவிடும். பிடி தளரும், தலை வெளியே வரும், ஒரு கால் முன்னால் நகரும், சிலசமயம் கையிலிருக்கும் பொம்மையை யாரும் கேட்காமலே விருந்தினரை நோக்கி நீட்டும். பொம்மையை நீட்டுவது பேச்சுக்கு முந்தைய பேச்சு. அப்போது விருந்தினர் பொம்மையைப் பற்றிப் பேசலாம், குழந்தையைப் பற்றிப் பேசக் கூடாது. மாறாக உடம்பு விறைத்து, முகம் வெறுமையாகி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றால் படி உயரம் அதிகம் என்று பொருள். அதை இரண்டாக வெட்ட வேண்டும். அசையாமல் நிற்பதைச் சமத்து என்று தவறாக எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

தண்ணீர் பழகிவிட்டால், கை. தூரத்திலிருந்து கையசைப்பது, அல்லது கைகூப்புவது. பாட்டி கிளம்பும்போது டாட்டா காட்டுவதில் தொடங்குவது இன்னும் எளிது. வரும்போது சொல்வதைவிடப் போகும்போது சொல்வது குழந்தைகளுக்கு இலகு, அதற்குள் பழகியிருப்பார்கள், போகிறவரிடம் பயம் என்ன? ஆனால் பல வீடுகளில், வரவேற்கவில்லை என்ற கோபத்தில் இந்த நல்ல வாய்ப்பை யாரும் நினைப்பதே இல்லை.

அப்புறம்தான் குரல். அதிலும் முதலில் பாட்டியிடம் அல்ல, பாட்டியின் காதில் விழும்படி அம்மாவிடம். பாட்டி பக்கத்தில் இருக்கும்போது அம்மா கேட்கிறார்: "பாட்டிக்கு முறுக்கு வைக்கலாமா, வாழைப்பழம் வைக்கலாமா?" ஆமாம், இல்லை என்று தலையாட்டி முடிக்க முடியாத, அதேசமயம் ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. பேசத் தயங்கும் குழந்தைகளோடு வேலை செய்யும் நிபுணர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இத்தகைய கேள்விகளையே அதிகம் கையாள்கிறார்கள். கேட்டுவிட்டு ஐந்து வினாடி காத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் இன்னொரு விதி. ஐந்து வினாடி கொஞ்சம் என்று நினைப்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒருமுறை சும்மா இருந்து பார்க்கலாம். பெரும்பாலான பெரியவர்கள் இரண்டாவது வினாடியிலேயே கேள்வியைத் திரும்பக் கேட்கிறார்கள், அல்லது பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். யாழினி "முறுக்கு" என்று முணுமுணுத்தால், "முறுக்கு" என்று அம்மாவும் சொல்லிவிட்டுத் தட்டை எடுக்கிறார். "சத்தமா சொல்லு" என்பது வேண்டாம்.

பல வாரங்களுக்குப் பிறகு அந்தக் கேள்வியைப் பாட்டியே கேட்கலாம். அவர் சோபாவில் நேருக்குநேர் உட்கார்ந்து கேட்பதைவிட, தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, இருவரும் ஒரே சொப்புச் சாமானைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். "வாங்க பாட்டி" என்று வாசலில் நின்று சொல்வது இந்த ஏணியின் மேல்படி. நம் வீடுகள் குழந்தையை முதல் நிமிடத்தில் நிறுத்த நினைப்பது அந்த இடத்தில்தான்.

அந்தப் படியைப் பொய்யாக விளையாடிப் பழகலாம். அப்பா வெளியே போய் அழைப்பு மணியை அடித்து விருந்தாளியாக உள்ளே வருவார், யாழினி வீட்டுக்காரி. பிறகு மாற்றி, யாழினி விருந்தாளி. இந்த ஆட்டத்தில் அப்பா வேண்டுமென்றே தயங்கி, கதவின் பின்னால் ஒளிந்து, பிறகு மெல்ல எட்டிப் பார்த்து "வாங்க" சொன்னால் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். தயக்கம் அப்பாவுக்கும் வரும், வந்த பிறகும் சொல்லலாம் என்று அதற்குப் புரிந்துவிடும்.

இத்தனை ஏற்பாட்டையும் கெடுக்கும் சில பழக்கங்கள் உண்டு. விருந்தினர் முன்னாலேயே "வணக்கம் சொன்னா சாக்லேட்" என்று பேரம் பேசுவது அதில் ஒன்று. சொல்லாவிட்டால் சாக்லேட்டும் போய், மானமும் போகும். முத்தம் கொடுக்கச் சொல்லி வற்புறுத்துவது இன்னொன்று. தன் உடம்பைத் தொட யாரை விடுவது என்பதில் தனக்கும் சொல் உண்டு என்று பள்ளிகளில் இப்போது சொல்லிக்கொடுக்கிறார்கள். கன்னத்தைக் கிள்ள வருகிறவரிடம் "தள்ளாதே, மரியாதை" என்று வீட்டில் சொன்னால் அந்தப் பாடம் அங்கேயே அழிந்தது. வாயாலோ கையாலோ வரவேற்பது மரியாதை. உடம்பைக் கொடுப்பது அதில் சேராது.

மூத்தவர்கள் சிலர் மனத்தாங்கல் படுவார்கள். "எங்க காலத்துல பிள்ளைங்க கால்ல விழுந்துச்சு" என்பார்கள். விழுந்தார்கள்தான், ஆனால் அவர்களில் எத்தனையோ பேர் விழுந்து எழுந்ததும் அடுப்படிக்கு ஓடி ஒளிந்தார்கள், யாரும் கேட்கவில்லை. அடக்கமான பிள்ளை என்று பெயர் கிடைத்தது. கூச்சம் குறையா, குணமா என்பதைக் காலமும் ஊரும்கூடத் தீர்மானிக்கின்றன. சீனாவின் ஷாங்காய் நகரத்தில் ஷின்யின் சென் என்ற ஆய்வாளரும் குழுவும் 1990, 1998, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளில் பள்ளிக் குழந்தைகளைப் பற்றித் திரட்டிய தகவல்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1990-ல் கூச்சமுள்ள பிள்ளைகளைச் சக மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பிடித்திருந்தது. 2002-ல் அதே குணமுள்ள பிள்ளைகள் ஒதுக்கப்பட்டார்கள். இடையில் மாறியது பிள்ளைகள் அல்ல, போட்டியும் சந்தையும் நிறைந்துவிட்ட நகரம்.

எல்லா ஒளிதலையும் ஏணியால் சரிசெய்துவிட முடியாது. வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றால், அது தேர்ந்த மௌனம் எனப்படும் பதற்றக் கோளாறாக இருக்கலாம். புதிதாகச் சேர்ந்த முதல் மாதத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. குழந்தை மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்ப்பது நல்லது, சிறு வயதிலேயே தொடங்கினால் பலன் அதிகம். வீட்டு மனிதர்களிடமும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவதில்லை என்றால் அது கூச்சமல்ல. செவித்திறனையும் வளர்ச்சியையும் குழந்தை மருத்துவரிடம் பரிசோதிக்க வேண்டும்.

இன்னொன்று, பெரியவர்கள் எளிதில் தவறவிடுவது. எல்லோரிடமும் நன்றாகப் பழகும் குழந்தை, அல்லது ஒருவரிடம் முன்பு நன்றாகப் பழகிய குழந்தை, திடீரென்று அந்த ஒருவர் வந்தால் மட்டும் ஒளிகிறது என்றால் அங்கே பயிற்சிக்கு இடமில்லை. அந்த ஆளோடு குழந்தையைத் தனியே விடாமல், அவசரமில்லாத ஒரு நேரத்தில், பதிலைத் திணிக்காமல் கேட்க வேண்டும். உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

சாதாரணக் கூச்சத்திலும் சறுக்கல்கள் வரும். காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு, தம்பி பாப்பா பிறந்த பிறகு, நீண்ட விடுமுறை முடிந்த பிறகு, தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த குழந்தை மறுபடி துப்பட்டாவுக்குள் போகும். இரண்டு படி கீழே இறங்கி அங்கிருந்து தொடங்கினால், இரண்டாம் முறை ஏறுவது முதல் முறையைவிட வேகமாக நடக்கும். ஒருவரிடம் கற்றது மற்றவருக்கு உடனே செல்லுபடியாகாது என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். சின்னப் பாட்டிக்கு "வாங்க" சொல்லும் யாழினி, அப்பாவின் அலுவலக நண்பருக்கு மறுபடி தட்டைப் பிடிப்பதிலிருந்துதான் தொடங்குவாள்.

கல்யாண மண்டபம் தனி விவகாரம். அங்கே ஏணியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. செய்யக்கூடியது, முகூர்த்தக் கூட்டம் சேரும் முன்பே போய்விடுவது. காலி நாற்காலிகளுக்கு நடுவே ஓடி மண்டபத்தைத் தனதாக்கிக்கொண்ட குழந்தைக்கு, பிறகு ஒவ்வொருவராக வருகிறவர்கள் அதன் இடத்துக்கு வருகிறவர்கள். தாமதமாகப் போனால் முந்நூறு பேர் திரும்பிப் பார்க்க அது உள்ளே நுழைய வேண்டியிருக்கும். வாசலில் பன்னீர் தெளிக்கும், கல்கண்டுத் தட்டு நீட்டும் அக்காக்களின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்க வைத்தால், கற்ற தண்ணீர் டம்ளர் வித்தை அங்கேயும் கைகொடுக்கலாம். அதுவும் முடியவில்லை என்றால், அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்தபடியே கைகூப்பட்டும்.